குறுநாடகத்தில் பாட்டு: கதை நிற்காமல் இருக்க அதை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்க ஆண்டு விழாவுக்கு 20 நிமிட நாடகம் ஒன்று போடுகிறோம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த செல்வி, மறுநாள் பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். வளைகாப்புச் செலவுக்கும் பிள்ளைக்கு நகை எடுக்கவும் அவளுடைய சங்கிலியையே அண்ணன் அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்திருக்கிறான். அம்மாவுக்கும் அது தெரியும். விஷயம் வெடித்து, சண்டை முடிந்த பிறகு, செல்வி அழுதுகொண்டே ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒத்திகையில் அந்த இடம் வந்தாலே நாடகம் நின்றுவிடுகிறது. பாட்டை எடுத்துவிடலாமா? இல்லை, வேறு எங்காவது வைக்கலாமா?

பதில்:

பாட்டை எடுக்க வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற இடத்தில் அது இருக்கவும் கூடாது.

உங்கள் கதையில் பாட்டு தொடங்கும்போது செல்விக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணன் மாட்டிக்கொண்டான், அம்மாவின் குட்டும் வெளிப்பட்டுவிட்டது. பார்க்கிறவர்களும் எதற்கும் காத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் பாடினால், ஏற்கெனவே தெரிந்த துக்கத்தை ராகம் போட்டு இன்னொரு தரம் சொல்கிறாள் என்றுதான் ஆகும். பாடுகிறவர் மேலும் தப்பில்லை, மெட்டு மேலும் தப்பில்லை. அந்த இடத்தில் பாட்டுக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சம் இல்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஸ்கிரிப்டில் பாட்டுக்கு முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். நடுவில் எதுவும் விடுபட்டதாகத் தெரியவில்லை என்றால், பாட்டு கதைக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம், பாட்டில் என்ன நடக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘செல்வி தன் மனவேதனையைச் சொல்கிறாள்’ என்று வந்தால் அது வெறும் நிலை. ‘பாட்டு முடிவதற்குள், அம்மாவும் இதற்கு உடந்தை என்று செல்வி கண்டுபிடித்துவிடுகிறாள்’ என்று வந்தால் அது நிகழ்ச்சி. இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் உங்கள் நாடகத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

துக்கம் உச்சத்துக்குப் போனதும் பாட்டு வைக்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் சோகப் பாட்டு ஓடும்போது கேமரா வேறு வேலை பார்க்கிறது. அவள் ஊருக்குப் போகிறாள், பிள்ளை வளர்கிறது, வருஷம் ஓடுகிறது. குரல் ஒரே இடத்தில் இருந்தாலும் படத்தில் கதை நகர்கிறது. மேடையில் அதே பாட்டைப் பாடினால் குரல் மட்டும்தான் மிஞ்சும். தெருக்கூத்தில் வேறு கணக்கு. அங்கே பாத்திரம் ஒன்றைப் பாடிவிட்டு அதையே வசனமாகவும் சொல்லும், பின்பாட்டுக்காரர்களும் அதை வாங்கிப் பாடுவார்கள். விடிய விடிய நடக்கிற ஆட்டம், நடுவில் தூங்கி எழுகிறவர்களும் எழுந்து போய் வருகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் அந்தத் திருப்பிச் சொல்லல் அங்கே தேவை. 20 நிமிடத்தில் அதற்கு இடமே கிடையாது. நாலு நிமிடப் பாட்டு என்றால் நாடகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

சரி, எங்கே வைப்பது? நான் எப்போதும் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பாட்டு நின்றுவிட்டால் தேவலை என்று மேடையில் யாராவது ஒருவர் தவிக்க வேண்டும். எல்லாரும் ரசித்துக் கேட்கிற பாட்டு கதையை நிறுத்திவிடும். ஒருவர் காது கொடுக்க முடியாமல் நெளிகிற பாட்டு கதையை இழுத்துக்கொண்டு போகும். அப்படி நெளிவதற்கு ஒருவர் வேண்டும் என்றால், ரகசியம் அப்போது உடைந்திருக்கக் கூடாது. அதனால் உங்கள் தாலாட்டு, சண்டைக்கு முன்னால் வர வேண்டும்.

நந்தன் சரித்திரக் கீர்த்தனையில் இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கதாகாலட்சேபத்துக்காக எழுதினார், ஆனால் ஒரு நாடகக்காரர் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. ‘வருகலாமோ ஐயா’ என்று நந்தன் பாடும்போது அவன் தன் பக்தியை விவரித்துக்கொண்டிருக்கவில்லை, உள்ளே வரலாமா என்று கேட்கிறான். கேட்டால் பதில் வந்தாக வேண்டும். திருப்புன்கூரில் நந்தி மறைக்கிறது. ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ என்று சிவன் சொல்கிறார், நந்தி விலகுகிறது. பாட்டுக்கு முன்னால் மறைத்துக்கொண்டிருந்த கல், பாட்டுக்குப் பின்னால் அங்கே இல்லை. நந்தனுக்குத் தரிசனம் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு பாட்டையும் எடுத்துவிட்டுக் கதை சொல்லவே முடியாது.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது தாலாட்டு. நம் ஒப்பாரியும் தாலாட்டும் ஏற்கெனவே பாதி நாடகம்தான். ஒப்பாரியில் ஒரு பெண் அண்ணன் மேலும் நாத்தனார் மேலும் உள்ள குறையையெல்லாம் சபை நடுவே வைத்துப் பாடிவிடுவாள். சாவு வீட்டில் பாடுகிறவளை யாரும் நிறுத்தச் சொல்ல முடியாது. தாலாட்டில் பிள்ளையைப் பார்த்துப் பாடுகிறாள். பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. புரிய வேண்டியவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாமன் என்ன சீர் கொண்டுவந்தான் என்று வரிசையாகச் சொல்வதும் தாலாட்டின் பழைய வழக்கம். உங்கள் கதையில் மாமன் கொடுத்த சீரே அவள் சங்கிலியை அடகு வைத்து வாங்கியதுதானே. அவள் சந்தோஷமாகப் பாடப் பாட ஒவ்வொரு வரியும் அண்ணனுக்கு முள்ளாகக் குத்தும். இதற்காகப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. கதையிலேயே இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வேண்டும். பாட்டு தொடங்கும்போது பார்க்கிறவர்களுக்கு அடகு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், செல்விக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இப்போது உங்கள் நாடகத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியவருகிறது. அதை மாற்றுங்கள். மூன்றாவது நிமிடத்துக்குள் அண்ணன் தனியாக இருக்கும்போது சட்டைப் பையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். செல்வி வரும் சத்தம் கேட்டதும் அதை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகட்டும். ‘சங்கிலி’ என்ற சொல்லும் ‘அடகு’ என்ற சொல்லும் ஒரு தடவை வாய்விட்டு வந்துவிட வேண்டும். அடகுக்கடையிலிருந்து போன் வந்ததாக வைத்தால், ‘சங்கிலிக்கு வட்டி கட்டணும், தெரியும்ணே, அடகு வெச்சவன் மறப்பனா’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். மேடையில் காட்டுகிற சீட்டு பின்வரிசைக்குத் தெரியாது, சொன்னால்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் இப்போது யாருக்கும் சொல்லாதீர்கள். அது பாட்டுக்குள் வெளிவர வேண்டிய விஷயம்.

ஏழாவது எட்டாவது நிமிடத்தில், நாளைக்குக் கிளம்பும் பேச்சு நடக்கும்போது, செல்வி சாதாரணமாக ‘நாளைக்கு அந்தச் சங்கிலியைப் போட்டுக்கிட்டுத்தாம்மா போகணும்’ என்று சொல்லட்டும். அண்ணன் பேச்சை மாற்றட்டும். இவ்வளவு போதும். இப்போது பாட்டுக்கு நெருப்பு தயார். பதினோராவது நிமிடத்தை ஒட்டிப் பாட்டு வரலாம்.

பாட்டு எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் நிறைய நாடகங்கள் கோட்டை விடுகின்றன. ‘பிள்ளை அழுகிறான், ஒரு பாட்டுப் பாடேன்’ என்று ஒருவர் கேட்பார், விளக்கு மங்கும், கீபோர்டு அரை நிமிடம் வாசிக்கும், பாடுகிறவர் மைக் பக்கம் இரண்டு அடி நகர்வார். அந்த அரை நிமிடத்தில் பார்க்கிறவர்கள் கதையிலிருந்து இறங்கிப் பாட்டுக் கச்சேரிக்குத் தயாராகிவிடுகிறார்கள். அப்படி வேண்டாம். அம்மாவும் அண்ணனும் நாளைக்கு எந்த பஸ், எத்தனை பை என்று பேசிக்கொண்டிருக்கும்போதே செல்வி தூளியை ஆட்டியபடி சொல் இல்லாமல் முனகத் தொடங்கட்டும். பேச்சு ஓய ஓய முனகலில் சொல் வரட்டும். பாட்டு எந்த நொடியில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

அப்புறம் தூளிக் கயிறு. இது உங்கள் நாடகத்தில் மிக முக்கியமான பொருள் என்று நினைக்கிறேன். தூளியில் ஒரு கயிறு கட்டி, தள்ளி உட்கார்ந்து இழுத்து ஆட்டுவது நம் வீடுகளில் வழக்கம்தான். துணி மடிக்க வேண்டும் என்று சொல்லி, செல்வி அந்தக் கயிற்றை அண்ணன் கையில் கொடுத்துவிடட்டும். இனிமேல் அவனால் எழுந்து போக முடியாது. எழுந்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும். தான் கொடுத்த சீரின் புகழைக் கேட்டபடி, பாட்டுக்குத் தாளமும் அவனே போட்டாக வேண்டும்.

மேடையில் இரண்டு பக்கமும் மூங்கில் முக்காலி கட்டி, குறுக்கே ஒரு கழியைப் போட்டால் தூளி தொங்கும். உள்ளே துணிப்பொம்மையை வைக்காதீர்கள். எடை இல்லாத தூளி காற்றில் படபடக்கும், பிள்ளை இருப்பதாக யாரும் நம்ப மாட்டார்கள். நாலு கிலோ அரிசியைப் பையில் கட்டி உள்ளே வையுங்கள். ஐந்து அடி நீளத் தூளி ஒரு தடவை போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டரை வினாடி எடுக்கும். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு வரி என்று பாடினால் வரிக்கு ஐந்து வினாடி, நாலு வரிக் கண்ணிக்கு 20 வினாடி. நாலு கண்ணியும் நடுவில் வரும் பேச்சும் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகும். இதற்கு மேல் வேண்டாம். தூளியை இன்னும் குட்டையாகக் கட்டினால் அது வேகமாக ஆடும், பாட்டும் ஓடத் தொடங்கிவிடும். அதனால் முதலில் மேடைத் தூளியைக் கட்டுங்கள், அதன் வேகத்துக்கு மெட்டை அமையுங்கள்.

உங்கள் பாட்டின் வரிகளை நான் பார்க்கவில்லை. வேலை செய்யக்கூடிய மாதிரி ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். சொற்களை உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காலுக்குத் தண்டை தந்தார் – கண்ணே
கடைவீதி சுத்தி மாமன்
தண்டைச் சத்தம் கேட்க வேணும் – கண்ணே
தாத்தா வீட்டுத் திண்ணையெல்லாம்

இடுப்புக்கு அரைஞாண் தந்தார் – கண்ணே
ஏழு கடை ஏறி மாமன்
வெள்ளி அது மின்ன வேணும் – கண்ணே
வெயில் விழுந்த வாசலிலே

கைக்கு ரெண்டு காப்பு தந்தார் – கண்ணே
காசு எண்ணிப் பார்க்காம
கடன்படாத சீருன்னு – கண்ணே
காதாரக் கேட்டேன் நானும்

கழுத்துக்குச் சங்கிலியோ – கண்ணே
அம்மாவோட சங்கிலிதான்
பெட்டியில தூங்குதடா – கண்ணே
மாமன் அதுக்குக் காவலடா

கால், இடுப்பு, கை என்று ஏறுகிற வரிசையைக் கவனியுங்கள். இரண்டாவது கண்ணி வரும்போதே பார்க்கிறவர்களுக்கு அடுத்தது எங்கே போகும் என்று தெரிந்துவிடும். கழுத்து வரப்போகிறது, கழுத்துக்குச் சங்கிலி, சங்கிலி அடகுக்கடையில். மெட்டு மாறவே வேண்டாம், சுருதி ஏறவும் வேண்டாம். பட்டியல் நெருங்க நெருங்கத் தானாக இறுகும். ‘என் நெஞ்சு வலிக்குது’, ‘விதி என்னை வாட்டுது’ மாதிரி வரிகள் உங்கள் பாட்டில் இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரி எதையும் நகர்த்தாது. பொருளின் பெயரைச் சொல்கிற வரி, அந்தப் பொருளைப் பற்றி எதையோ மறைக்கிறவரை ஆட்டிவைக்கும்.

இப்போது மற்ற இருவரும் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். பாட்டின் பாதி கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் கண்ணியில் அண்ணன் சிரிக்க வேண்டும். உண்மையான சிரிப்பு. தண்டையைத் தேடி அலைந்து அவன்தான் எடுத்து வந்தான், தங்கைக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயே அவன் முகம் சுருங்கி வியர்வையைத் துடைத்தால் அப்புறம் போக இடமில்லை. ஒத்திகையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முடிவு தெரிந்த நடிகர் முதல் வரியிலேயே குற்றவாளி ஆகிவிடுவார். இரண்டாவது கண்ணியில் சிரிப்பு அப்படியே இருக்கும், கண் மட்டும் காலண்டர் பக்கம் ஒரு தடவை போய் வரும். இரண்டாவது கண்ணி முடிந்ததும் அம்மா, ‘தூங்கிட்டான் போல, போதும்டி’ என்று சொல்ல வேண்டும். செல்வி, ‘இல்லம்மா, இன்னும் முழிச்சுத்தான் இருக்கான்’ என்று சொல்லிவிட்டு மூன்றாவதுக்குப் போவாள். அம்மா சொன்னது முதல் முறை கேட்கிறவர்களுக்குச் சாதாரணமாகத்தான் படும். கொஞ்ச நேரத்தில் அதே வசனத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

மூன்றாவது கண்ணியில் ‘கடன்படாத சீரு’ என்ற இடத்தில் அண்ணனின் இழுப்பு ஒழுங்கு தப்ப வேண்டும். ஒரு இழுப்பு சற்றுப் பலமாக விழட்டும். செல்வி தாளம் தவறியதை உணர்ந்து, சிரித்துக்கொண்டே, ‘மெதுவாண்ணே’ என்று பாட்டுக்கு நடுவில் சொல்லிவிட்டுத் தொடரட்டும். நாலாவது கண்ணியில் ‘பெட்டியில தூங்குதடா’ என்ற வரிக்குக் கை நின்றுவிட வேண்டும். தூளி தானாக இரண்டு மூன்று தடவை ஆடி அடங்கும். செல்வி கடைசி வரிக்கு மூச்சு எடுக்கும் முன்னால் அம்மா வேறு சுருதியில், அவசரமாக, ‘ஆராரோ ஆரிரரோ’ என்று உள்ளே நுழைவாள்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. அண்ணன் கை நின்றதை வைத்துச் செல்விக்கு அவன்மேல் சந்தேகம் வரலாம். அம்மா எதற்காகப் பாட்டை மூடினாள்? மூடியதாலேயே அவளும் மாட்டிக்கொள்கிறாள். ஒருவரும் ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேரும் வெளிப்பட்டுவிட்டார்கள். இதை வசனத்தில் செய்யப் போனால் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும், அதுவும் இவ்வளவு சுருக்கென்று தைக்காது.

அம்மாவாக நடிப்பவருக்குப் பாட வராது என்றால் கவலைப்பட வேண்டாம், இங்கே அது நல்லதுதான். செல்வி பாடுகிற சுருதியைப் பிடித்துக்கொண்டு அழகாக நுழைந்தால் இருவரும் சேர்ந்து பாடுவது போல ஆகிவிடும், பார்க்கிறவர்கள் கைதட்டிவிடுவார்கள். கீழ்க்குரலில், கொஞ்சம் பிசிறாக வர வேண்டும்.

பாட்டு முடியக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடைசி வரியைப் பாடி, இழுத்து நிறுத்தினால் கைதட்டல் வரும். கைதட்டல் வந்தால் அடுத்த வசனத்தைத் தொடங்க முடியாமல் மூன்று பேரும் அப்படியே நிற்க வேண்டியிருக்கும், கட்டியது எல்லாம் கலைந்துவிடும். கடைசி வரி பாடப்படாமல் நின்றால் யாருக்கும் கை எழாது. அந்த வரி வீணாகவும் போகாது. செல்வி முதலில், ‘ஏம்மா, நான் இன்னும் முடிக்கலையே’ என்பாள். யாரும் பேச மாட்டார்கள். ‘அண்ணே, பெட்டிச் சாவியைக் குடு’ என்பாள். அப்புறம் சண்டை முற்றி, அண்ணன் ‘உனக்காகத்தானே செஞ்சேன்’ என்று கத்தும் இடத்தில், ‘மாமன் அதுக்குக் காவல்னு என் புள்ளைக்குப் பாட வந்தேண்ணே’ என்று அவள் பேச்சாகச் சொல்லட்டும். பாட்டில் விட்டுப்போன வரி சண்டையில் வந்து விழும்.

செல்விக்கு முன்பே தெரிந்திருந்து, வேண்டுமென்றே இப்படிப் பாடினால் என்ன என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். நல்ல யோசனைதான், அப்போது பாட்டு ஒரு பொறியாக மாறும். ஆனால் அவளுக்குத் தெரியும் என்பதைப் பார்க்கிறவர்களுக்கு முன்னாலேயே காட்ட வேண்டும். காலண்டருக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது போல இன்னொரு காட்சி வேண்டியிருக்கும். மேலும் பாடுகிறவர் ஒரே நேரத்தில் சந்தோஷமாகப் பாடுவது போல நடித்து, உள்ளே கொதிப்பதையும் காட்ட வேண்டும். அனுபவம் இல்லாத நடிகை என்றால் இரண்டாவது வரியிலேயே குத்தலாகப் பாடத் தொடங்கிவிடுவார், அண்ணனுக்கு உடனே புரிந்துவிடும், வரிசை ஏறுவதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். 20 நிமிட நாடகத்துக்கு, முதல் முறை மேடையேறுகிறவர்களை வைத்துக்கொண்டு, நான் வெகுளியாகப் பாடும் செல்வியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அவருக்குச் சொல்ல வேண்டியதும் எளிது: பிள்ளையைத் தூங்கவைப்பது ஒன்றுதான் உன் வேலை, அண்ணன் முகத்தைப் பார்க்காதே.

பதிவு செய்த இசையை வைத்துப் பாடுகிறீர்கள் என்றால் இதில் எதுவும் நடக்காது. கை நிற்கும்போது டிராக் நிற்காது. நடிகர்கள் எல்லாரும் டிராக்கைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். ‘மெதுவாண்ணே’ என்று ஒரு வார்த்தை நடுவில் போட முடியாது. இசையே வேண்டாம். தூளிக் கழியின் கிறீச் சத்தம் போதும். பாடுகிறவருக்குச் சுருதி நிற்காது என்ற பயம் இருந்தால் திரைக்குப் பின்னால் சுருதிப் பெட்டியை மெல்லிதாக வையுங்கள், முனகல் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே தொடங்கிவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். கை நிற்கும் இடத்தில் அதையும் நிறுத்திவிட வேண்டும். அந்த நிசப்தம் நன்றாகக் கேட்கும். ஆர்மோனியக்காரர் இருந்தால் அவருக்குக் குறிப்பு பாட்டின் வரியில் கொடுக்காதீர்கள், கயிற்றில் கொடுங்கள்: கயிறு தொய்ந்தால் துருத்தியை விட்டுவிட வேண்டும்.

மெட்டு மூன்று நாலு ஸ்வரத்துக்குள்ளேயே இருக்கட்டும். மேல் ஸ்தாயிக்குப் போய் வந்தால் கேட்பவர்கள் சொல்லை விட்டுவிட்டுக் குரலைக் கேட்கத் தொடங்குவார்கள். இந்தப் பாட்டில் ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் கதை புரியாது. நன்றாகப் பாடுகிற பெண்ணுக்குச் சங்கதி போட ஆசை வரும். அவரிடம் தெளிவாகப் பேசிவிடுங்கள், நாடகத்துக்கு வெளியே விழாவில் தனியாக ஒரு பாட்டு கொடுத்துவிட்டாலும் நல்லது. மைக்கைப் பொறுத்தவரை, தூளி எங்கே தொங்குகிறதோ அங்கே ஒரு மைக் தாழ்வாக இருக்க வேண்டும். பாடுகிறவர் மைக்கைத் தேடிப் போகக் கூடாது.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு, இதுவரை நாடகத்தைப் பார்க்காத ஒருவரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். பாட்டு நின்று செல்வி சாவி கேட்டதும் ஒத்திகையை நிறுத்திவிட்டு அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘அம்மாவுக்கு இது தெரியுமா, தெரியாதா?’ ‘தெரியும்’ என்று உடனே சொன்னால் பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. யோசித்தால், அம்மா நுழைவது தாமதமாகிறது அல்லது அழகாகிறது, அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ‘பாட்டு ரொம்ப நல்லா இருந்தது’ என்று மட்டும் சொன்னால், அண்ணன் மேல் யாருடைய பார்வையும் விழவில்லை என்று அர்த்தம். தூளிக் கயிறு மேடையின் முன்பக்கம் வரும்படி அவனை நகர்த்தி, செல்வியைச் சற்றுப் பின்னால் உட்காரவையுங்கள்.

சண்டை முடிந்த பிறகு, இப்போது தாலாட்டு இருக்கும் இடத்தில், வேறு பாட்டு எதையும் வைக்காதீர்கள். அங்கே உங்களுக்கு ஐந்தாறு நிமிடம் மிஞ்சும். செல்வி சங்கிலி இல்லாமல் போகிறாளா, போகவில்லையா, கணவனிடம் என்ன சொல்லப்போகிறாள் என்பதை முடிவு செய்ய அந்த நேரம் வேண்டும். உங்கள் ஸ்கிரிப்டில் அந்த முடிவு இரண்டு வசனத்தில் போய்விடுகிறது என்றால், அதற்கான இடத்தை இதுவரை பாட்டுதான் எடுத்துக்கொண்டிருந்தது.